மூன்று பேர் விட்டுப்போன வேலை: ஒரு டெஸ்பாட்ச் பணியிடத்தின் பணிப் பகுப்பாய்வு

இயந்திர உதிரிபாகங்கள் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்று. ஊழியர்கள் சுமார் 120 பேர். அங்கே, வாடிக்கையாளர்களுக்குச் சரக்கு அனுப்புவதைப் பார்த்துக்கொள்ளும் டெஸ்பாட்ச் ஒருங்கிணைப்பாளர் என்ற ஒரே ஒரு பணியிடத்தில் 14 மாதங்களில் மூன்று பேர் சேர்ந்து மூன்று பேரும் விலகிவிட்டார்கள். நான்காவது ஆளைத் தேடச் சொல்லி மனிதவளப் பிரிவுக்குக் கோரிக்கை வருகிறது. பழைய விளம்பரத்தையே தேதி மாற்றிப் போடுவதா, இல்லை அந்த வேலையையே முதலில் பிரித்துப் பார்ப்பதா என்பதுதான் கேள்வி. இந்த நிகழ்வும் இதில் வரும் எண்களும் பாடத்துக்காக அமைத்தவை. ஆனால் செய்முறையும் அதில் நேரும் தவறுகளும் எந்த நிறுவனத்திலும் பார்க்கக்கூடியவை.

## கையில் இருந்த காகிதம்

அந்தப் பணியிடத்துக்கு ஏற்கெனவே ஜேடி என்ற பணி விவரக் காகிதம் ஒன்று இருந்தது. முழுவதும் இவ்வளவுதான்:

> ஆவணங்களைப் பராமரித்தல். வாகனங்களை ஒருங்கிணைத்தல். டெஸ்பாட்ச் பணிகளைக் கவனித்தல். வாடிக்கையாளர் திருப்தியை உறுதிசெய்தல். மேலாளர் சொல்லும் பிற பணிகள்.
>
> தகுதி: ஏதேனும் ஒரு பட்டம். 5 ஆண்டு அனுபவம். சரளமான ஆங்கிலம். துடிப்பானவராகவும் நெருக்கடியில் பணியாற்றக்கூடியவராகவும் இருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு அந்த ஆள் காலை வந்ததும் என்ன செய்வார் என்று யாராலும் சொல்ல முடியாது. 'கவனித்தல்', 'ஒருங்கிணைத்தல்', 'உறுதிசெய்தல்' ஆகிய மூன்று சொற்களையும் எடுத்துவிட்டால் காகிதத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மேலே உள்ள பணி வரிகளுக்கும் கீழே உள்ள தகுதி வரிகளுக்கும் நடுவே எந்தத் தொடர்பும் இல்லை. ஐந்து ஆண்டு அனுபவம் எந்த வேலைக்காக? சரளமான ஆங்கிலத்தில் யாரிடம் பேச வேண்டும்? பட்டம் பெற்றவரால் மட்டும் முடிகிற பணி இதில் எது?

புதிதாக வருபவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் மூன்று பெயர்களை இங்கேயே பிரித்துவைக்கலாம். வேலையைப் பற்றித் தகவல் திரட்டி ஆராயும் செயல் பணிப் பகுப்பாய்வு. அதிலிருந்து இரண்டு காகிதங்கள் வரும். வேலையில் என்ன இருக்கிறது என்று சொல்வது பணி விவரம், அலுவலகப் பேச்சில் ஜேடி. அந்த வேலையைச் செய்ய ஆளிடம் என்ன இருக்க வேண்டும் என்று சொல்வது தகுதி விவரம், அதாவது ஜாப் ஸ்பெசிஃபிகேஷன். வரிசை முக்கியம். தகுதி விவரம் பணி விவரத்திலிருந்து பிறக்க வேண்டும். மேலே உள்ள காகிதத்தில் இரண்டும் தனித்தனியாக, அநேகமாக வேறு வேறு இடங்களிலிருந்து நகலெடுத்து ஒட்டப்பட்டிருக்கின்றன.

## தகவல் எங்கிருந்து வந்தது

முதல் வேலை கோப்புகளைப் பார்ப்பது. விலகியவர்களின் வெளியேறும் நேர்காணல் படிவங்களில் மூன்றிலும் 'தனிப்பட்ட காரணம்' என்றே இருந்தது. அதனால் பயனில்லை. பயன்பட்டது வேறு காகிதம்: வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய சரக்குகளின் பதிவேடு. அதில் பெரும்பாலானவை உடைந்த சரக்கு அல்ல. எண்ணிக்கை குறைந்தவை, இல்லையென்றால் எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் பேட்ச் எண் மாறிப்போனவை. எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே முதல் குறிப்பு.

அடுத்தது நேரில் பார்ப்பது. இரண்டு நாட்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒன்று மாத நடுவில் வரும் சாதாரண நாள், மற்றொன்று மாதக் கடைசி. இது தற்செயலான தேர்வு அல்ல. சாதாரண நாளில் 10 வண்டிகள் கிளம்பின, வேலை மாலை ஆறு மணிக்கு முடிந்தது. மாதக் கடைசியில் 24 வண்டிகள், வேலை முடிய இரவு ஒன்பதைத் தாண்டியது. விற்பனை இலக்கு மாதக் கணக்கில் இருக்கும் எந்த நிறுவனத்திலும் கடைசி நாட்களில் சரக்கு குவியும். ஒரு நாள் மட்டும், அதுவும் ஓய்வான நாளில் போய்ப் பார்த்து எழுதும் ஜேடி அந்த வேலையின் எளிய பாதியை மட்டுமே சொல்லும்.

பார்க்கும்போது 15 நிமிடத்துக்கு ஒரு முறை, அந்த நேரத்தில் கையில் என்ன வேலை என்று ஒரு வரி எழுதப்பட்டது. இந்தக் குறிப்பு பிறகு நேரப் பங்கைக் கணக்கிட உதவும். பார்ப்பவர் அருகில் நின்றால் வேலை செய்பவர் வழக்கத்தைவிட ஒழுங்காகச் செய்வார் என்பதும் தெரிந்ததே. முதல் ஒன்றிரண்டு மணி நேரக் குறிப்புக்கு அதிக எடை கொடுக்காமல் விடுவது நல்லது.

மூன்றாவது நேர்காணல். தற்காலிகமாக அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த கிடங்கு ஊழியர், முன்பு அதைச் செய்துவிட்டு வேறு பிரிவுக்கு மாறியவர், டெஸ்பாட்ச் சூப்பர்வைசர், இவர்களோடு இன்வாய்ஸைப் பெறும் கணக்குப் பிரிவு ஊழியர் ஆகிய நால்வரிடமும் பேசப்பட்டது. வேலையைச் செய்பவரிடம் மட்டும் கேட்டால் சிறியதும் பெரிதாகத் தெரியும். மேலதிகாரியிடம் மட்டும் கேட்டால் நடப்பதைச் சொல்லாமல் நடக்க வேண்டியதைச் சொல்வார். அந்த வேலையின் விளைவை வாங்கிக்கொள்பவர், இங்கே கணக்குப் பிரிவு ஊழியர், இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவுகோலாக இருப்பார்.

'உங்கள் பொறுப்புகள் என்ன?' என்று கேட்டால் பழைய ஜேடியின் மொழியே திரும்பி வரும். 'நேற்று காலை உள்ளே வந்ததும் முதலில் கையில் எடுத்தது என்ன? அதன் பிறகு?' என்று நேரவரிசையில் கேட்டால்தான் வேலை வெளியே வரும். கூடவே, வேலை நன்றாக நடந்த சந்தர்ப்பங்களையும் சொதப்பிய சந்தர்ப்பங்களையும் தனித்தனியாகச் சொல்லச் சொன்னார்கள். என்ன சூழல், அந்த ஆள் சரியாக என்ன செய்தார், அதனால் என்ன ஆனது என்ற மூன்று கேள்விகள் மட்டும். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளானகன் 1954-இல் வெளியிட்ட கட்டுரையால் பரவலான முறை இது. முக்கிய நிகழ்வு முறை என்று சொல்லலாம். ஆட்சேர்ப்புக்காகச் செய்யும் பகுப்பாய்வில் இதைவிடக் கைகொடுக்கும் கருவி குறைவு. ஏனென்றால் இங்கே திரட்டும் நிகழ்வுகளே பிறகு நேர்காணல் கேள்விகளாக மாறும்.

22 நிகழ்வுகள் கிடைத்தன. வகைப்படுத்தியபோது 9 நிகழ்வுகள் எண்ணிக்கையோ பேட்ச் எண்ணோ பொருந்தாததைக் கண்டுபிடித்தது அல்லது தவறவிட்டது பற்றியவை. 7 நிகழ்வுகளில் வண்டியை நிறுத்துவதா அனுப்புவதா என்று அந்த இடத்திலேயே முடிவெடுக்க வேண்டியிருந்தது. 4 நிகழ்வுகள் வண்டி வராமல் போய் மாற்று ஏற்பாடு செய்தது பற்றியவை. மீதி 2 பலவகை. ஆங்கிலத்தில் சரளமாகப் பேசியதாலோ பேசாததாலோ நடந்த நிகழ்வு ஒன்றுகூட இல்லை.

## பணி வரிகளும் ஒரு பெருக்கல் பிழையும்

திரட்டியதெல்லாம் பணி வரிகளாக எழுதப்பட்டன. ஒரு பணி வரியில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: எதை, எதைக் கொண்டு, என்ன செய்கிறார், எதற்காக. 'ஆவணங்களைப் பராமரித்தல்' என்ற பழைய வரி இந்தச் சோதனையில் தேறாது. அதற்குப் பதிலாக வந்த வரி இது: 'ஏற்றும் முன் ஒவ்வொரு பெட்டியின் லேபிளில் உள்ள பொருள் குறியீடு, பேட்ச் எண், எண்ணிக்கை ஆகியவற்றைப் பேக்கிங் லிஸ்டோடு ஒப்பிட்டு, பொருந்தாத பெட்டியைத் தனியே எடுத்து வைக்கிறார், தவறான சரக்கு வண்டியில் ஏறாமல் தடுப்பதற்காக.' நீளமாக இருக்கிறதுதான். ஆனால் இந்த வரியைப் பார்த்து ஒருவரைச் சோதிக்க முடியும். பழைய வரியால் அது முடியாது.

முதலில் 43 வரிகள் வந்தன. ஒன்றையே வேறு சொற்களில் சொன்னவற்றைச் சேர்த்து, மிகச் சிறியவற்றை ஒன்றாக்கி 21 ஆகக் குறைத்தார்கள். இந்த 21-க்கும் தற்காலிக ஊழியரும் முன்னாள் ஊழியரும் சூப்பர்வைசரும் தனித்தனியாக, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல், இரண்டு மதிப்பெண் இட்டார்கள். எவ்வளவு அடிக்கடி என்பதற்கு 1 முதல் 5 வரை, தவறினால் எவ்வளவு சேதம் என்பதற்கு 1 முதல் 5 வரை.

இந்த இரண்டையும் பெருக்கி மொத்த மதிப்பெண் போடுவது பரவலான பழக்கம். இங்கேயும் முதலில் அப்படித்தான் செய்யப்பட்டது. தற்காலிக ஊழியரின் தாளில், நாள் முடிவில் அறிக்கையைத் தட்டச்சு செய்வதற்கு 5 × 2 = 10 வந்தது. பேட்ச் எண் பொருந்தாதபோது கிளம்பத் தயாரான வண்டியை நிறுத்துவதற்கு 2 × 5 = 10 வந்தது. காகிதத்தில் இரண்டும் சமம். ஆனால் அறிக்கையில் தவறு வந்தால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். நிறுத்த வேண்டிய வண்டியை விட்டுவிட்டால் சரக்கு முழுவதும் திரும்பி வரும். பெருக்கல் அரிதான ஆபத்தை அன்றாடச் சில்லறை வேலைக்குச் சமமாக்கிவிடுகிறது. ஆகவே விதி மாற்றப்பட்டது: சேதம் 4 அல்லது 5 என்றால், எவ்வளவு அரிதானாலும் அந்த வரி முக்கியப் பணிகளில் சேரும். மற்ற வரிகளுக்குத்தான் அடிக்கடி நடப்பது கணக்கில் வரும்.

மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி காண்பதற்கு முன் ஒரு பார்வை பார்ப்பது அவசியம். மூவரும் ஒத்துப்போகாத இடங்களில்தான் விஷயம் இருக்கும். வண்டியை நிறுத்தும் பணிக்குச் சூப்பர்வைசர் இட்ட சேத மதிப்பெண் 2. மற்ற இருவரும் இட்டது 5. காரணம் கேட்டபோது சூப்பர்வைசர் சொன்னது: "அந்த முடிவை நான்தானே எடுக்கிறேன், அவர் என்கிட்ட கேட்பாரு." தற்காலிக ஊழியர் சொன்னது: "ஆறு மணிக்கு மேல சார் இருக்க மாட்டாருங்க. டிரைவர் கிளம்பணும்னு நிற்பாரு, விற்பனைப் பிரிவு போன்ல அனுப்புன்னு சொல்லும். நாமதான் ஏதாவது சொல்லியாகணும்."

இதை 5, 5, 2 என்று கூட்டி 4 என்று சராசரி எடுத்து எழுதியிருந்தால் இந்த உண்மை புதைந்துபோயிருக்கும். மாலை ஆறு மணிக்குப் பிறகு அந்த ஆளிடம் பொறுப்பு இருக்கிறது, அதிகாரம் எழுத்தில் இல்லை. வண்டியை நிறுத்தினால் விற்பனைப் பிரிவு திட்டும், அனுப்பினால் சரக்கு திரும்பி வந்து அவர் தலையில் விழும். மூன்று பேர் விலகியதற்கு இது மட்டும்தான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் இதைச் சரிசெய்யாமல் நான்காவது ஆளை எவ்வளவு நுணுக்கமாகத் தேர்ந்தெடுத்தாலும் அவரும் அதே இடத்தில்தான் போய் நிற்பார். சில பணிப் பகுப்பாய்வுகள் இப்படி முடியும்: ஆளைத் தேடப் போனவர்கள் வேலையின் அமைப்பைத் திருத்திவிட்டு வருவார்கள்.

## புதிய பணி விவரம்

21 வரிகள் ஐந்து பொறுப்புகளாகத் தொகுக்கப்பட்டன. 15 நிமிடக் குறிப்புகளிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தோராயமான நேரப் பங்கு கிடைத்தது: ஏற்றும் முன் சரிபார்ப்பது 40 சதவீதம், வண்டி ஏற்பாடு 25, இன்வாய்ஸ், கேட் பாஸ் முதலான ஆவணங்கள் 20, சரக்குக் குறைவும் திரும்பி வந்த சரக்கும் பற்றிய விசாரணை 10, தினசரி அறிக்கை 5. பழைய ஜேடியில் முதல் வரியாக இருந்த ஆவணப் பராமரிப்பு மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டது. அதில் பெயர்கூட இல்லாத சரிபார்ப்பு முதலிடத்தில் வந்தது. பழைய ஜேடியை நம்பி வந்தவர் மேசை வேலை என்று நினைத்து வந்திருப்பார். உண்மையில் பாதி நாள் லோடிங் மேடையில் நிற்க வேண்டும்.

பணி விவரத்தில் பதவிப் பெயர், யாரிடம் பொறுப்பு, பணியின் நோக்கம் ஒரே வாக்கியத்தில், மேற்சொன்ன ஐந்து பொறுப்புகள், யாரோடெல்லாம் தொடர்பு என்பவை வழக்கம்போல இடம்பெற்றன. இரண்டு பகுதிகள்தான் இங்கே சிறப்பாக எழுத வேண்டியிருந்தன. ஒன்று, அதிகார எல்லை:

> லேபிளும் பேக்கிங் லிஸ்டும் பொருந்தாதபோது, யாரிடமும் அனுமதி கேட்காமல் வண்டியை 30 நிமிடம் வரை நிறுத்தலாம். அதற்குள் தீராவிட்டால் டெஸ்பாட்ச் சூப்பர்வைசரைத் தொலைபேசியில் அழைத்து முடிவு பெற வேண்டும். விற்பனைப் பிரிவின் வாய்மொழி உத்தரவின் பேரில் பொருந்தாத சரக்கை அனுப்பக் கூடாது.

இந்த மூன்று வாக்கியங்களுக்குப் பொது மேலாளரின் ஒப்புதலும் விற்பனைத் தலைவரின் கையெழுத்தும் வாங்கப்பட்டன. மனிதவளப் பிரிவு தானாக எழுதி வைக்கும் அதிகாரத்தை யாரும் மதிக்க மாட்டார்கள்.

இரண்டாவது பகுதி பணிச் சூழல். 'தேவைப்படும்போது கூடுதல் நேரம் பணியாற்ற வேண்டும்' என்று எழுதினால் மாதத்தில் ஒரு நாளா, வாரத்தில் ஐந்து நாளா என்று தெரியாது. 'மாதத்தின் கடைசி நான்கு வேலை நாட்களில் பணி இரவு ஒன்பது வரை நீளும். மற்ற நாட்களில் ஆறு மணிக்கு முடியும்' என்று எழுதப்பட்டது. கூடுதல் நேரத்துக்கு ஊதியமா, மாற்று விடுப்பா என்பதையும் அதே வரியில் சேர்ப்பது நல்லது. விண்ணப்பிப்பவர் எப்படியும் கேட்கப்போகிற கேள்வி அது.

'மேலாளர் சொல்லும் பிற பணிகள்' என்ற வரியைப் பலரும் நீக்கச் சொல்வார்கள். நீக்க வேண்டியதில்லை. எந்த வேலையையும் முழுக்க எழுதிவைக்க முடியாது. ஆனால் அதை 'டெஸ்பாட்ச் பிரிவுக்குள், இந்தப் பதவியின் நிலைக்கு ஏற்ற பிற பணிகள்' என்று எல்லை கட்டி வைக்க வேண்டும்.

## தகுதி விவரம்: எந்த வரி எந்தப் பணிமேல் நிற்கிறது

இங்கேதான் கண்டிப்பு தேவை. விதி ஒன்றே ஒன்று. ஒவ்வொரு தகுதி வரிக்கும் நேராக, அது தேவைப்படும் முக்கியப் பணியைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அந்தத் தகுதி போய்விடும். பழைய தகுதிகளை இந்த விதியில் நிறுத்திப் பார்த்தார்கள்.

பட்டம்: 21 பணிகளில் எதையும் சுட்ட முடியவில்லை. நீக்கப்பட்டது. ஐந்து ஆண்டு அனுபவம்: இரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவர் எந்தப் பணியில் தடுமாறுவார் என்று கேட்டபோது சூப்பர்வைசரிடம் பதில் இல்லை. அனுபவத்தின் நீளம் பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்றுக்கான மாற்றுச் சொல். இங்கே அது 'சரக்கை எண்ணிச் சரிபார்த்துப் பழகியவர்' என்பதற்காகச் சொல்லப்பட்டது. அப்படியானால் அதையே எழுதிவிடலாம். சரளமான ஆங்கிலம்: இன்வாய்ஸைப் படித்துப் புரிந்துகொள்ளவும் இரண்டு வரி இ-மெயில் எழுதவும் போதுமான அளவு என்று சுருங்கியது. டிரைவர்களோடு அவர்கள் மொழியில் பேச முடிவது அதைவிட முக்கியம் என்று தெரிந்தது. துடிப்பானவர் என்பதற்கு எந்தப் பணியும் இல்லை.

பட்டத்தை ஒரு சல்லடையாக வைத்துக்கொள்வதில் தவறென்ன, விண்ணப்பங்கள் குறையுமே என்று கேட்பார்கள். குறையும். ஆனால் வேலைக்குத் தொடர்பில்லாத சல்லடை நல்லவர்களையும் சேர்த்தே கழிக்கும். யார் கழிகிறார்கள் என்பதும் சமமாக இருக்காது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971-இல் கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் வழக்கில் இதைத்தான் பார்த்தது. மின் நிறுவனம் ஒன்று சில பணிகளுக்கு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழைக் கட்டாயமாக்கியிருந்தது. அந்த நிபந்தனை கறுப்பின ஊழியர்களை அதிகமாக வெளியே நிறுத்தியது. வேலையை நன்றாகச் செய்வதோடு அதற்குத் தொடர்பு இருப்பதாகக் காட்டப்படவில்லை. பாகுபடுத்தும் நோக்கம் இல்லாவிட்டாலும் அந்த நிபந்தனை செல்லாது என்றது நீதிமன்றம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் 'இந்தத் தகுதி ஏன்?' என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒரு பணி வரி கையில் இருப்பது எங்கும் நல்லது.

உடல் தகுதியிலும் ஒரு பழைய பழக்கம் உண்டு. '25 கிலோ தூக்கக்கூடியவர்' என்ற வரியைக் கிடங்கு வேலை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுவார்கள். இந்த வேலையில் தூக்குவது ஃபோர்க்லிஃப்டும் லோடிங் ஆட்களும்தான். ஒருங்கிணைப்பாளர் மேடைக்குப் போய் லேபிளைப் படித்தால் போதும். ஆகவே உடலைப் பற்றி எழுதாமல் பணியைப் பற்றி எழுதினார்கள்: 'லோடிங் மேடையில் பெட்டிகளின் லேபிளை அருகில் சென்று சரிபார்க்க வேண்டும்.' இப்படி எழுதும்போது சிறு உதவியோ மாற்று ஏற்பாடோ இருந்தால் இந்த வேலையைச் செய்யக்கூடிய மாற்றுத்திறனாளி ஒருவரை நுழைவாயிலிலேயே திருப்பி அனுப்பிவிட மாட்டோம்.

மிஞ்சிய தகுதிகளை இன்னொரு கேள்வி பிரித்தது: முதல் நாளே வேண்டுமா, வந்த பிறகு கற்றுக்கொடுக்கலாமா? நிறுவனத்தின் மென்பொருளையும் ஆவண வகைகளையும் ஆறு வாரத்தில் கற்றுக்கொடுக்க முடியும் என்று சூப்பர்வைசரே சொன்னார். ஆகவே அவை தகுதி விவரத்திலிருந்து பயிற்சித் திட்டத்துக்கு மாறின. எண்களைத் தவறில்லாமல் ஒப்பிடுவதும் அழுத்தத்தில் மறுத்துப் பேசுவதும் ஆறு வாரத்தில் வந்துவிடாது. அவை முதல் நாளே வேண்டியவை.

கடைசியில் மிஞ்சியதும், ஒவ்வொன்றையும் எங்கே பார்ப்பது என்பதும் இந்த அட்டவணையில் அடங்கிவிட்டது:

| தேவை | எந்தப் பணிக்காக | எங்கே பார்ப்பது |
|---|---|---|
| எண்களையும் குறியீடுகளையும் பிழையின்றி ஒப்பிடுதல் | ஏற்றும் முன் சரிபார்ப்பு | பணி மாதிரித் தேர்வு |
| அவசரப்படுத்தும்போது மறுத்து நிற்பது | வண்டியை நிறுத்தும் முடிவு | நேர்காணல் |
| திட்டம் குலைந்தால் மாற்று வழி தேடுதல் | வண்டி ஏற்பாடு | நேர்காணல் |
| ஸ்ப்ரெட்ஷீட்டில் பதிந்து தேடத் தெரிதல் | ஆவணங்கள், தினசரி அறிக்கை | பணி மாதிரித் தேர்வு |
| மாதக் கடைசி இரவு நேரத்துக்குச் சம்மதம் | ஐந்து பொறுப்புகளும் | விண்ணப்பப் படிவம் |

ஐந்தே வரிகள். 15 தகுதிகள் எழுதிய விவரத்தில் எது கட்டாயம் என்று தேர்வு செய்பவருக்கே தெரியாது. கடைசியில் அவர் தனக்குப் பிடித்த இரண்டை வைத்து முடிவெடுத்துவிடுவார்.

## அட்டவணையிலிருந்து ஆட்சேர்ப்புக்கு

முதலில் தேடும் இடம் மாறியது. பட்டதாரிகள் அதிகம் வரும் வேலைவாய்ப்புத் தளத்தில் மட்டும் விளம்பரம் போட்ட நிறுவனம், இப்போது வேறு கேள்வி கேட்டது: எண்களை ஒப்பிட்டுப் பழகி, அவசரப்படுத்துபவர்களைத் தினமும் சமாளிப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள்? கிடங்குச் சரிபார்ப்பாளர்கள், சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களின் புக்கிங் ஊழியர்கள், மருந்து மொத்த விற்பனையில் பேட்ச் எண் பார்த்துச் சரக்கு எடுப்பவர்கள். சொந்தக் கிடங்கில் இருப்பவர்களும் இந்தப் பட்டியலில் வந்தார்கள். பட்டம் கட்டாயமாக இருந்தவரை அவர்களால் விண்ணப்பிக்கவே முடியவில்லை.

விளம்பரமும் ஜேடியும் ஒன்றல்ல. இரண்டு பக்க ஜேடியை அப்படியே விளம்பரமாக ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். விளம்பரத்துக்கு எடுத்தது இவ்வளவுதான்: பணியின் நோக்கம், நேரப் பங்கில் முதல் மூன்று பொறுப்புகள், முதல் நாளே வேண்டிய தகுதிகள், பணி நேரம், ஊதிய வரம்பு. மாதக் கடைசி இரவு நேரம் விளம்பரத்திலேயே சொல்லப்பட்டது. அதனால் விண்ணப்பங்கள் குறையும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். சேர்ந்து இரண்டாவது மாதத்தில் விலகுபவரைவிட விண்ணப்பிக்காமல் இருப்பவரால் செலவு குறைவு.

பணி மாதிரித் தேர்வு எளிமையாக வைக்கப்பட்டது. 30 வரிகள் கொண்ட ஒரு பேக்கிங் லிஸ்ட், அதோடு பெட்டி லேபிள்களின் பட்டியல், 20 நிமிடம். உள்ளே ஐந்து பிழைகள்: இரண்டு இடத்தில் எண்ணிக்கை வேறுபாடு, ஒரு பேட்ச் எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியது, ஒரு பொருள் குறியீட்டில் கடைசி எழுத்து வேறு, லிஸ்டில் உள்ள ஒரு பெட்டிக்கு லேபிளே இல்லை. இலக்கம் இடம் மாறிய பிழைதான் பெரும்பாலோர் கண்ணுக்குத் தப்பும். அதனால்தான் அது அங்கே இருக்க வேண்டும். இல்லாத பிழையைப் பிழை என்று குறித்தாலும் மதிப்பெண் குறையும். காரணமில்லாமல் வண்டியை நிறுத்துபவரும் பிரச்சினைதான். கண்டுபிடித்த பிழைகளையும் பொருந்திய வரிகள் எத்தனை என்பதையும் ஸ்ப்ரெட்ஷீட்டில் பதிந்து கொடுக்க வேண்டும். நான்காவது தேவையும் அதே தேர்வில் பார்க்கப்பட்டுவிடுகிறது.

தேர்ச்சி எல்லையை ஊகத்தில் வைக்கக் கூடாது. அந்த வேலையை இப்போது நன்றாகச் செய்பவர்களை முதலில் எழுதச் சொல்லிப் பார்க்க வேண்டும். இங்கே தற்காலிக ஊழியரும் முன்னாள் ஊழியரும் முறையே நான்கும் ஐந்தும் கண்டார்கள். ஆகவே எல்லை நான்கு. ஐந்து என்று வைத்திருந்தால் வேலையை நன்றாகச் செய்துகொண்டிருக்கும் ஒருவரே தோற்றிருப்பார்.

நேர்காணல் கேள்விகள் 22 நிகழ்வுகளிலிருந்து வந்தன. எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசையில். அவற்றில் ஒன்று: "இரவு எட்டு மணி. வண்டியில் ஏற்றி முடித்துவிட்டார்கள். ஒரு பெட்டியின் பேட்ச் எண் லிஸ்டோடு பொருந்தவில்லை. டிரைவர் கிளம்ப வேண்டும் என்கிறார். விற்பனைப் பிரிவிலிருந்து 'பரவாயில்லை, அனுப்புங்கள், நாளை பார்த்துக்கொள்ளலாம்' என்று போன் வருகிறது. என்ன செய்வீர்கள்?"

கேள்வியைவிட மதிப்பெண் வழிகாட்டி முக்கியம். அது கேள்வியோடு சேர்த்தே எழுதப்பட்டது. அனுப்பிவிடுவேன் என்றாலோ யாராவது சொன்னால் செய்வேன் என்றாலோ 1. நிறுத்திவிட்டு மேலதிகாரியை அழைப்பேன் என்றால் 3. நிறுத்தி, அந்தப் பெட்டியை மட்டும் இறக்கினால் மீதிச் சரக்கு கிளம்ப முடியுமா என்று பார்த்து, விற்பனைப் பிரிவுக்குக் காரணத்தைச் சொல்லி, நடந்ததைப் பதிந்து வைப்பேன் என்றால் 5. இந்த 5-க்கான பதில் யாரும் கற்பனை செய்தது அல்ல. முன்னாள் ஊழியர் ஒரு முறை உண்மையில் செய்தது. வழிகாட்டி இல்லாமல் நேர்காணல் செய்தால் நன்றாகப் பேசுபவருக்கே மதிப்பெண் போகும். சரளமான ஆங்கிலம் என்ற நீக்கிய தகுதி பின்கதவால் உள்ளே வந்துவிடும்.

தேர்வானவர்களைப் பணி உறுதிக்கு முன் மாதக் கடைசி நாள் மாலை ஒன்றில் லோடிங் மேடைக்கு அழைத்துப்போய் ஒரு மணி நேரம் நிற்கவைத்தார்கள். பார்த்துவிட்டு ஒருவர் பின்வாங்கினால் அது தோல்வி அல்ல.

## இடையில் வந்த இடையூறு

விளம்பரம் போகும் முன் விற்பனைத் தலைவர் ஒரு திருத்தம் கேட்டார்: "வாடிக்கையாளர்கிட்ட பேசுற ஆளு. டிகிரி இல்லாம எப்படிங்க?" இப்படி ஒரு வரி ஏறக்குறைய எல்லாத் தகுதி விவரத்திலும் கடைசி நேரத்தில் நுழையும். எதிர்த்து வாதாடத் தேவையில்லை. அட்டவணையைக் காட்டி, இது எந்தப் பணிக்காக என்று கேட்டால் போதும். வாடிக்கையாளரோடு பேசும் பணி நேரத்தில் 10 சதவீதத்துக்குள், அதுவும் எழுத்தில் அல்லது தொலைபேசியில், சரக்குக் குறைவு பற்றி மட்டும். அதற்குத் தேவை குறையை மறைக்காமல் தெளிவாகச் சொல்லத் தெரிவது. ஆகவே பட்டத்துக்குப் பதிலாக, சரக்குக் குறைந்ததை வாடிக்கையாளருக்கு எழுதும் மூன்று வரி இ-மெயில் ஒன்று தேர்வில் சேர்ந்தது. அவர் கேட்டதன் பின்னால் ஒரு நியாயமான கவலை இருந்தது. அதைப் பட்டத்தால் அளக்க முடியாது, இ-மெயிலால் ஓரளவு முடியும்.

ஆள் சேர்ந்த பிறகும் இந்தக் காகிதங்களுக்கு வேலை உண்டு. 90-ஆவது நாளில் மூன்று விஷயங்கள் பார்க்கப்படும். அவர் உண்மையில் செலவிடும் நேரம் 40, 25, 20, 10, 5 என்ற பங்கோடு எவ்வளவு விலகியிருக்கிறது, திரும்பி வந்த சரக்குகளின் பதிவேட்டில் எண்ணிக்கை, பேட்ச் வரிகள் குறைந்திருக்கின்றனவா, 30 நிமிட அதிகாரத்தை அவர் ஒரு முறையாவது பயன்படுத்தினாரா. ஒரே ஒரு ஆளை வைத்துத் தேர்வு முறை வென்றது என்றோ தோற்றது என்றோ சொல்ல முடியாது. ஆனால் மூன்று மாதத்தில் அதிகாரம் ஒரு முறைகூடப் பயன்படவில்லை, பேட்ச் தவறுகள் மட்டும் தொடர்கின்றன என்றால், கையெழுத்தான அந்த மூன்று வாக்கியங்கள் லோடிங் மேடைவரை போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அப்போது பேச வேண்டியது சூப்பர்வைசரிடமும் விற்பனைப் பிரிவிடமும்.

ஜேடியின் அடியில் மறுபார்வைத் தேதி ஒன்று எழுதப்பட்டது. அதோடு தேதிக்குக் காத்திராமல் உடனே திருத்த வேண்டிய சூழல்களும்: பார்கோடு ஸ்கேனர் வந்தால், வண்டி ஏற்பாடு வெளி நிறுவனத்துக்குப் போனால், இரண்டாவது ஷிஃப்ட் தொடங்கினால். ஸ்கேனர் வந்த நாளிலிருந்து லேபிளைக் கண்ணால் ஒப்பிடும் நேரம் சுருங்கும், ஸ்கேனர் மறுக்கும் பெட்டியை என்ன செய்வது என்ற முடிவு பெருகும். அன்றைக்கு 30 வரித் தேர்வும் மாற வேண்டியிருக்கும்.